67 ரூபாய் வகுப்பும் 400 ரூபாய் வாத்தியாரும்

"வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் மணிக்கு 400 ரூபாய் கேட்கிறார். சென்டரில் வருசத்துக்கு ஒரு லட்சம்தான், தினமும் ஆறு மணி நேரம் வகுப்பு. வகுத்துப் பார்த்தால் மணிக்கு எழுபது ரூபாய்கூட வராது." கிராமங்களில் நீட் தேர்வுக்கு இரண்டாவது முறை தயாராகும் பிள்ளைகளின் வீடுகளில் இந்தக் கணக்கைப் பலமுறை கேட்டுவிட்டேன். சென்டரில் சேர்க்கை பார்க்கும் ஊழியர் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டுவதும் இதையேதான். அவர் செய்யும் வகுத்தலில் பிழை இல்லை. எதை எதால் வகுக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நீட் தேர்வே கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் அடுத்த மே மாதமும் தேர்வு நடக்கும். நம் வீட்டுப் பிள்ளைகள் எழுதுவார்கள். அதற்காக நம் வீட்டு நகைகள் அடகுக்குப் போகும். அந்தப் பணம் எதை வாங்குகிறது என்று பார்ப்பதைத் தேர்வு ஒழிகிற நாள்வரை தள்ளிப்போட முடியாது. விழுப்புரம் மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில், மகளைச் சென்டரில் சேர்ப்பதா, வாத்தியார் வைப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. அப்பா கட்டட வேலை, அம்மா விவசாயக் கூலியும் நூறு நாள் வேலையும். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் படித்தவள். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. முதல் முயற்சியில் உயிரியலில் நன்றாக எடுத்திருந்தாள், வேதியியலில் பாதி, இயற்பியலில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அவர்களோடு உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே வைக்கிறேன்.

சென்டர் அவர்கள் ஊரிலிருந்து 28 கிலோமீட்டர். கட்டணம் 80,000 ரூபாய் என்று பலகையில் இருக்கிறது. தனியார் பயிற்சி மையங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது இன்னொரு 14,400. புத்தகம், அடையாள அட்டை, டி-சர்ட் என்று 5,600. ஆகச் சரியாக ஒரு லட்சம். துண்டறிக்கையில் "1,500 மணி நேர வகுப்பு" என்று போட்டிருந்தார்கள். ஒரு லட்சத்தை 1,500-ஆல் வகுத்தால் 67 ரூபாய் வருகிறது.

முதலில் இந்த 1,500-ஐப் பார்ப்போம். இதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சென்ற ஆண்டு அதே சென்டரில் படித்த பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்ப்பது. பெரும்பாலான பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்புக்கும் தேதி போட்டு எழுதுகிறார்கள். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனுடைய நோட்டுகளை வாங்கித் தேதிகளை எண்ணினோம். ஜூன் மாதத்திலிருந்து அடுத்த ஆண்டு மார்ச் மாதம்வரை, தீபாவளி, பொங்கல், மழை விடுமுறை போக 38 வாரங்கள் சென்டர் நடந்திருக்கிறது. வாரத்துக்கு ஆறு நாள் திறந்திருக்கும் என்றாலும் ஆறாவது நாள் தேர்வு. மற்ற ஐந்து நாட்களிலும் காலை 9 மணிக்குத் தொடங்கி நாலு மணி நேரம்தான் ஆசிரியர் நின்று பாடம் எடுக்கிறார். மீதி இரண்டு மணி நேரம் "ஸ்டடி அவர்". கண்காணிப்பாளர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து செல்போன் பார்க்க, பிள்ளைகள் தாங்களாகப் படிக்கும் நேரம் அது. ஆசிரியர் பாடம் நடத்துவதும் முதல் 28 வாரங்களோடு முடிகிறது. கடைசிப் பத்து வாரங்கள் தேர்வு, பிறகு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் விடை விளக்கம்.

ஆக, முதல் 28 வாரங்களில் 560 மணி நேரம், கடைசிப் பத்து வாரங்களில் 100 மணி நேரம். மொத்தம் 660. இந்த எண்ணால் ஒரு லட்சத்தை வகுத்தால் மணிக்கு 152 ரூபாய். 67 என்பது வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. ஸ்டடி அவர் வீண் என்று சொல்லவில்லை, அதைப் பற்றிப் பிறகு வருகிறேன். ஆனால் வாத்தியார் கேட்கும் 400 ரூபாயோடு ஒப்பிட வேண்டுமென்றால் ஆசிரியர் சொல்லிக்கொடுக்கும் நேரத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது வழிச்செலவு. பெண்பிள்ளைக்குத்தான் பஸ் இலவசமாயிற்றே என்பார்கள். 2021 மே மாதம் வந்த அந்தத் திட்டம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான். அவள் ஊருக்கு வரும் டவுன் பஸ் கூட்டுரோடுவரைதான் போகும். அங்கிருந்து மொபசல் பஸ்ஸில் 18 ரூபாய் டிக்கெட். பஸ் நிலையத்திலிருந்து சென்டருக்கு ஷேர் ஆட்டோ 10 ரூபாய். போக வர 56. மாலையில் ஒரு டீயும் பன்னும் 20 ரூபாய். நாளைக்கு 76. தேர்வு நாளையும் சேர்த்து 228 நாள் போக வேண்டும், 17,328 ரூபாய். பள்ளி மாணவர்களுக்குக் கிடைக்கும் இலவச பஸ் பாஸ் இங்கே உதவாது. இதுவே பையனாக இருந்தால் டவுன் பஸ்ஸுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இப்போது மணிக்கு 178 ரூபாய் ஆகிறது.

பிறகு வட்டி. துண்டறிக்கையிலும் இல்லை, நம்முடைய கணக்கிலும் பெரும்பாலும் வருவதில்லை. சென்டர் ஜூனில் 60,000, செப்டம்பரில் 40,000 என்று இரண்டு தவணையாகக் கேட்கிறது. கூலி வேலை செய்யும் குடும்பத்தில் மொத்தமாக அறுபதாயிரம் கையிருப்பு இருக்காது. இரண்டு வட்டிக்கு வாங்குகிறார்கள். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். அடுத்த ஏப்ரலில் அறுவடைக் கூலியும் மேஸ்திரியிடம் நிற்கும் பாக்கியும் வந்து கடனை அடைப்பதாக வைத்தால் முதல் தவணைக்குப் பத்து மாத வட்டி 12,000, இரண்டாம் தவணைக்கு ஏழு மாத வட்டி 5,600. மொத்தம் 17,600. வழிச்செலவைவிட வட்டி அதிகம் என்பதைக் கவனியுங்கள். மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளையும் இந்தப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாடத்தைக் கேட்கிறார்கள். ஆனால் இந்தப் பிள்ளை அதற்கு அதிக விலை கொடுக்கிறாள். இப்போது மொத்தச் செலவு 1,34,928. மணிக்கு 204 ரூபாய்.

இந்த இடத்திலும் 400-ஐவிட 204 குறைவுதானே என்று கேட்கலாம். ஆனால் அந்த 660 மணி நேரமும் அவளுக்குத் தேவைப்பட்டதா?

நீட் வினாத்தாளில் 180 கேள்விகள். அவற்றில் 90 உயிரியல், 45 இயற்பியல், 45 வேதியியல். உயிரியலை என்சிஇஆர்டி புத்தகத்தை வரிவரியாகப் படித்தால் தானே எடுத்துக்கொள்ள முடியும் என்பதை இந்தப் பிள்ளை முதல் முயற்சியிலேயே காட்டிவிட்டாள். கனிம வேதியியலும் பெரும்பாலும் அப்படித்தான். அவள் தடுமாறியது இயற்பியலிலும், கணக்குப் போட வேண்டிய இயல் வேதியியலிலும், கரிம வேதியியலிலும். சென்டரின் 660 மணி நேரத்தில் உயிரியலுக்கு 260, வேதியியலுக்கு 180, இயற்பியலுக்கு 220 என்று அந்த நோட்டுகள் சொல்லின. உயிரியலையும் கனிம வேதியியலுக்கான 40 மணி நேரத்தையும் கழித்தால் அவளுக்கு உண்மையில் வேண்டியது 360 மணி நேரம். சென்டர் பாடங்களைப் பிரித்துத் தராது. சாப்பாட்டுக் கடையில் முழு மீல்ஸ்தான் உண்டு, சாம்பார் மட்டும் கிடைக்காது என்பது போல. ஆகவே 1,34,928 ரூபாயும் இந்த 360 மணி நேரத்துக்கான விலை. மணிக்கு 375 ரூபாய்.

67-இல் தொடங்கி 375-க்கு வந்து நிற்கிறோம். இதில் எங்கும் எந்தத் தில்லுமுல்லும் இல்லை. அவள் எதற்காகப் போகிறாளோ அதால் மட்டும் வகுத்திருக்கிறோம். அந்த 375 ரூபாய் மணி நேரத்தையும் தொண்ணூறு பேரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். முதல் இரண்டு மாதம் ஆசிரியர் ஆங்கிலத்திலேயே நடத்துவார். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு 'டார்க்' என்பதுதான் தான் படித்த 'திருப்பு விசை' என்று பிடிபடவே சில வாரம் ஆகும். நீட் வினாத்தாள் தமிழிலும் கிடைக்கிறது. பாடம் அப்படிக் கிடைப்பதில்லை.

வாத்தியாரின் கணக்கு இதைவிட எளிது. ஆனால் 400 என்பதும் முழு விலை அல்ல. அவரும் அதே 28 கிலோமீட்டர் வண்டியோட்டி வர வேண்டும். போக வர 56 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் சுமார் 110 ரூபாய், அதைத் தனியாகக் கேட்கிறார். ஒரு மணி நேரத்துக்காக அவ்வளவு தூரம் யாரும் வர மாட்டார்கள் என்பதால் ஒரு அமர்வு இரண்டு மணி நேரம். 910 ரூபாய்; மணிக்கு 455. அவளுக்கு வேண்டிய அதே 360 மணி நேரத்துக்கு 1,63,800. தனியாக வாத்தியார் வைத்தால் சென்டரைவிட ஏறத்தாழ 29,000 ரூபாய் கூடுதல் செலவு. மாதாமாதம் கொடுப்பதால் மொத்தமாகக் கடன் வாங்க வேண்டியதில்லை, பிடிக்காவிட்டால் அடுத்த மாதமே நிறுத்திக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் எடுத்து வைக்க அந்த வீட்டில் வழியில்லை. பத்துப் பதினைந்து ஏக்கர் நிலமோ இரண்டு அரசுச் சம்பளமோ உள்ள வீட்டுக்கான ஏற்பாடு அது.

ஆனால் மூன்று பேர் சேர்ந்தால் கணக்கு புரண்டுவிடுகிறது. மூவருக்கும் சேர்த்து வாத்தியார் மணிக்கு 500 கேட்டார். இரண்டு மணி நேரத்துக்கு 1,000, பெட்ரோல் 110, ஆக 1,110. மணிக்கு 555, தலைக்கு 185. அதே 360 மணி நேரத்துக்கு ஒரு பிள்ளைக்கு 66,600 ரூபாய். சென்டருக்கு ஆகும் செலவில் பாதிகூட இல்லை. ஐந்தாறாயிரம் கொடுத்து டெஸ்ட் சீரிஸ் தனியாக வாங்கிக்கொண்டாலும் அறுபதாயிரத்துக்கு மேல் மிச்சம்.

இதோடு நேரத்தையும் பார்க்க வேண்டும். காலை 9 மணி வகுப்புக்கு அவள் 6.45-க்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அடுத்த டவுன் பஸ் பத்தரைக்குத்தான். கூட்டுரோட்டில் காத்திருப்பதையும் சேர்த்து ஒரு வழிக்கு இரண்டேகால் மணி நேரம். நாளைக்கு நாலரை, 228 நாளைக்கு 1,026 மணி நேரம். ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தைவிடப் பஸ்ஸிலும் பஸ் நிறுத்தத்திலும் நிற்கும் நேரம் அதிகம். இதற்கு ரூபாயில் விலை போட நான் முயலவில்லை. இயற்பியலில் ஒரு மணி நேரம் பாடம் கேட்டால் குறைந்தது ஒரு மணி நேரமாவது தானாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்டது தங்காது. அந்த நேரத்தைத்தான் பஸ் தின்கிறது. படியில் நின்றுகொண்டு யாரும் சுழல் இயக்கக் கணக்கு போட முடியாது.

வழி என்பது நம் பிள்ளைகளுக்கு வெறும் தூரமும் அல்ல. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் திருவைகுண்டம் அருகே பொதுத்தேர்வு எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பட்டியல் சாதி மாணவரை வழிமறித்து இறக்கி வெட்டினார்கள். இந்தப் பிள்ளையின் அம்மா என்னிடம் சொன்னது இதை மனதில் வைத்துத்தான். "மார்கழி மாசத்துல ஆறே முக்காலுக்கெல்லாம் இருட்டு தம்பி. ஊர்த்தெரு முனையிலதான் பஸ்ஸு நிக்குது. அவங்க அப்பா வேலைக்குப் போகாம கொண்டுபோய் விட முடியுமா?" அப்பா கொண்டுபோய் விட்டால் கட்டட வேலைக்குத் தாமதம், தாமதமாகப் போனால் அன்றைய கூலியில் பிடித்தம். இந்தச் செலவு எந்தத் துண்டறிக்கையிலும் வராது. ஊர்த்தெருவில் இருக்கும் வீட்டுக்கு இந்தச் செலவே கிடையாது.

ஆக, மூன்று பிள்ளைகள் சேர்ந்தால் வாத்தியார்தான் மலிவு. பிறகு ஏன் எல்லோரும் அப்படிச் செய்யவில்லை? வாத்தியார் காலனிக்கு வர வேண்டும் என்பதால்.

முதலில் பேசிய ஆசிரியர் போனில் 400-க்கு ஒப்புக்கொண்டார். ஊர்ப் பெயர் சொன்னோம், சரி என்றார். "ஊர்ல எங்க?" என்று கேட்டார். காலனி என்றதும், "பாக்குறேன் சார், ஈவினிங் வேற பேட்ச் இருக்கு" என்றார். அதே ஊரில் ஊர்த்தெரு வீடு ஒன்றுக்கு வாரம் மூன்று நாள் அதே மாலை நேரத்தில் வந்துகொண்டிருக்கிறவர் அவர். இரண்டாமவர் வர மறுக்கவில்லை. பிள்ளைகளைத் தன் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினால் பழைய 56 ரூபாயும் நாலரை மணி நேரமும் திரும்பவும் நம் தலையில். வீட்டுத் திண்ணைவரைதான் அனுமதி என்பதை இன்னொரு குடும்பம் சொல்லித் தெரிந்துகொண்டோம். சந்தை விலை என்று பேசுகிறோம். மணிக்கு 400 என்ற விலை ஊருக்கு ஒன்றாகவும் சேரிக்கு ஒன்றாகவும் மாறுவதுகூட இல்லை. சேரிக்கு அந்தப் பொருளே விற்பனைக்கு இல்லை. சென்டர்காரர் அப்படி மறுப்பதில்லை. கட்டணம் கட்டினால் எவரையும் உட்கார வைப்பார். நம் மக்கள் கணக்கு பார்க்காமல் சென்டருக்கு ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வாசலில் நின்று எந்தத் தெரு என்று கேட்காத இடத்துக்குக் கூடுதலாக அறுபதாயிரம் கொடுக்கிறார்கள். அதை முட்டாள்தனம் என்று என்னால் சொல்ல முடியாது.

மறுபக்கத்தை நான் என் சொந்த அனுபவத்திலிருந்து அறிவேன். ஆய்வு உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் நின்ற காலத்தில் நகரத்தில் வீடுவீடாகப் போய் டியூசன் எடுத்துத்தான் அறை வாடகை கொடுத்தேன். பதிந்துவைத்த ஏஜென்சி முதல் மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும். மீதி உங்களுடையது, இரண்டாவது மாதம்வரை நீங்கள் நீடித்தால். ஒரு வீட்டில் முதல் வாரம் "சொந்த ஊர் எது சார்?" இரண்டாவது வாரம் "அந்தப் பக்கம் எங்களுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க, நீங்க எந்தத் தெரு?" மூன்றாவது வாரத்திலிருந்து எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் காபி. மாதக் கடைசியில் "பையன் ஸ்கூல்லயே பாத்துக்குறேங்கிறான் சார்". ஏஜென்சிக்குப் பாதி போக, என் கையில் நின்றது அந்த மாதத்தின் பெட்ரோல் செலவு. ஒரு பட்டியல் சாதிப் பட்டதாரிக்கு வீட்டு டியூசனின் மணிக்கூலியைக் கணக்கிடும்போது இப்படிப் பாதியில் அறுந்துபோகும் மாதங்களையும் சேர்த்து வகுக்க வேண்டும்.

ஆசிரியரின் பக்கக் கணக்கும் ஒன்று உண்டு. இரண்டு மணி நேரம் நடத்திவிட்டு 800 ரூபாய் வாங்குகிறவர், வண்டியில் ஒன்றரை மணி நேரமும் பாடம் தயாரிக்க ஒரு மணி நேரமும் செலவிடுகிறார். நாலரை மணி நேரத்துக்கு 800, மணிக்கு 178. 400 ரூபாய் அதிகம் என்று பேரம் பேசுவதற்கு முன் இதையும் பார்க்க வேண்டும். பேரம் பேசிக் குறைத்தால் அவர் குறைப்பது பாடம் தயாரிக்கும் அந்த ஒரு மணி நேரத்தைத்தான். அப்படிக் குறைத்துவிட்டார் என்பதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம்: நோட்ஸ் சொல்லி எழுத வைக்க ஆரம்பிப்பார். இயற்பியல் வாத்தியார் இரண்டு மணி நேரத்தில் பேனாவைப் பிள்ளையின் கையில் எவ்வளவு நேரம் விடுகிறார் என்று பாருங்கள். முக்கால் மணி நேரமாவது பிள்ளை தானாகக் கணக்குப் போட, அவர் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால், கொடுத்த காசு செரிக்கிறது.

சென்டருக்குச் சேர வேண்டிய நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டடி அவர் என்று நான் கணக்கிலிருந்து கழித்த அந்த இரண்டு மணி நேரத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி, ஒரு டியூப்லைட், ஒரு மின்விசிறி கிடைக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி வீட்டில் நாலு பேர். வீட்டில் பெண்பிள்ளை இருந்தால் தண்ணீர் பிடிப்பது, உலை வைப்பது, தம்பியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் தானாக அவள்மேல் வந்து விழும். பஸ்ஸில் மிச்சமான 1,026 மணி நேரமும் அடுப்படிக்குப் போய்விட்டால் நாம் போட்ட கணக்கு வீண். வாரம் ஒருமுறை தொண்ணூறு பேரோடு உட்கார்ந்து மூன்று மணி நேரம் தேர்வெழுதி, தான் எத்தனையாவது இடம் என்று பார்க்கும் வாய்ப்பும் வாத்தியாரிடம் கிடைக்காது. நீட்டில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிகிறது. எதைத் தொடாமல் விடுவது என்பது அப்படி எழுதி எழுதித்தான் கைவரும்.

அதனால் அந்தக் குடும்பம் செய்தது இரண்டுக்கும் நடுவிலான ஏற்பாடு. மூன்றாவதாகப் பேசிய ஆசிரியர் எம்.எஸ்சி. இயற்பியல், பி.எட். முடித்துவிட்டு நகரத்தில் அறை எடுத்துத் தங்கி ஆசிரியர் தேர்வுக்குப் படிப்பவர். நம்மவர். காலனி என்றதும் "தெரியும், அம்பேத்கர் சிலை பக்கத்துலதானே" என்றார். வேதியியலையும் அவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கரிம வேதியியலில் மட்டும் தன் அறைத்தோழரை மாதம் இரண்டு முறை அழைத்துவந்தார். அதே தெருவில் இன்னொரு பெண்ணும், பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பையனும் சேர்ந்தார்கள். இடத்துக்குத்தான் சிரமம். சமுதாயக் கூடத்தின் சாவி ஊராட்சி அலுவலகத்தில் இருந்தது; கல்யாணத்துக்கு மட்டும்தான் திறப்போம் என்றார்கள். இளைஞர்கள் நடத்தும் படிப்பகத்தில் கேரம் போர்டை ஒரு பக்கம் சாய்த்துவைத்து இடம் கொடுத்தார்கள். மின்கட்டணத்துக்கு மாதம் 200 ரூபாய். இரவு ஒன்பதுவரை அந்த விளக்கு எரியும் என்பதால் வகுப்பில்லாத நேரத்திலும் மூவரும் அங்கேயே உட்கார்ந்து படித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நகரத்துக்குப் போய் ஒரு சென்டரில் தேர்வு எழுதினார்கள். பாடம் வேண்டாம், தேர்வு மட்டும் போதும் என்றால் பல சென்டர்கள் தனியாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிக்கின்றன. கேட்டால்தான் சொல்வார்கள்.

ஏற்கெனவே சென்டரில் பணம் கட்டிவிட்டவர்களுக்கு ஒரு செய்தி. ஒன்றிய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட பயிற்சி மைய வழிகாட்டுதல்களின்படி, முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டுப் பாதியில் விலகும் மாணவருக்கு மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும். படிப்பு நடக்கும்போது கட்டணத்தை ஏற்றக் கூடாது. இது வழிகாட்டுதல்தான், சட்டமல்ல, சென்டர்காரர் சிரிக்கலாம். ஆனாலும் ரசீது இருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் எடுத்துப்போட ஒரு தாள் இருக்கும். ஜிஎஸ்டி என்று சொல்லி 14,400 வாங்கிக்கொண்டு வெறும் வெள்ளைத் தாளில் எழுதிக்கொடுத்தால், அந்த வரி அரசுக்குப் போகவில்லை என்று பொருள். ஜிஎஸ்டி எண் அச்சிட்ட ரசீதைச் சேரும் நாளிலேயே கேட்டு வாங்குங்கள். 2025 ஜனவரியில் பிட்ஜி நிறுவனத்தின் சில மையங்கள் டெல்லி, நொய்டா பக்கம் திடீரென மூடப்பட்டபோது பெற்றோர்கள் கையில் எஞ்சியது அந்த ரசீதுகள்தான்.

மூவரில் அந்தப் பையன் அக்டோபர் கடைசியில் நின்றுவிட்டான். வீட்டில் கடன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலைக்குப் போய்விட்டான். மணிக்கு 555 ரூபாயை இரண்டு பேர் பிரித்தால் தலைக்கு 277 ரூபாய் 50 காசு. சென்டரின் 375-ஐவிட அப்போதும் குறைவுதான். ஆனால் 185 கொடுத்துக்கொண்டிருந்த வீட்டுக்கு அது ஒன்றரை மடங்கு. ஆசிரியர் தானாகவே 500-ஐ 450 ஆக்கினார். பெட்ரோலோடு சேர்த்துத் தலைக்கு 252.50 வந்தது. மூன்றாவது நாற்காலிக்குப் பக்கத்து ஊர்களில் வேறு பிள்ளை யாராவது இருக்கிறார்களா என்று அவளுடைய அம்மா நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் விசாரித்துக்கொண்டிருந்தார்.